பிரிவை அறிவிக்கும் ஐந்து வரிகள்

கேள்வி: 11 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு நானும் கணவரும் பிரிகிறோம். 8 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆளுக்கொன்று பேசத் தொடங்குவதற்கு முன் நாங்களே கண்ணியமாக ஒரு பதிவு போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். நான் எழுதிய வரைவு இது: “நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, எவ்வளவோ முயன்றும் முடியாமல், நானும் என் கணவரும் பிரிய வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். மகளின் நலனுக்காகவே இந்த முடிவு. இத்தனை நாளும் என் பக்கம் நின்றவர்களுக்கு நன்றி. உண்மை என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தனியுரிமையை மதியுங்கள்.” இதைப் படித்த கணவர், “என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாய்” என்கிறார். அவரைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாக எழுதவில்லையே, எங்கே பிசகியது?

பதில்: உங்கள் கணவர் மிகைப்படுத்தவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. பெயரைச் சொல்லித் திட்டினால்தான் பழி என்று நினைக்கிறோம். எழுத்தில் பழி அப்படி வருவது அபூர்வம். யார் முயன்றார், யார் முயலவில்லை, யார் பக்கம் ஆள் இருந்தது, யாரால் இந்த நிலை வந்தது என்று வாசகர் தாமே கூட்டிக்கழித்துக்கொள்ள இடம் விட்டாலே போதும். உங்கள் வரைவில் அப்படிப்பட்ட இடங்கள் வரிக்கு ஒன்றாக இருக்கின்றன.

பிரிவது என்று முடிவெடுத்தவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடிக்க உதவும் சமரசப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வீடு, கடன், குழந்தை யாரிடம் எத்தனை நாள் என்பதெல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: ஊருக்கு என்ன சொல்வது? சொத்தைப் பற்றிப் பேசும்போது வராத கோபம் இந்த நாலு வரியில் வருவதைப் பார்த்திருக்கிறேன். சொத்து விவரம் இருவருக்கும் வழக்கறிஞர்களுக்கும் மட்டுமே தெரியும், இந்த நாலு வரியோ எல்லோரும் படிக்கப்போவது. அதனால் கோபம் வருவதில் வியப்பில்லை.

பிரிவு அறிவிப்பை யாரும் செய்தியாக மட்டும் படிப்பதில்லை, துப்பாகவும் படிக்கிறார்கள். முதல் தடவை என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காக, இரண்டாம் தடவை ஏன் நடந்தது என்று கண்டுபிடிப்பதற்காக. பிந்தைய வாசிப்பில் ஒவ்வொரு அடைமொழியும் சாட்சி சொல்லும். ஆகவே உங்கள் வரைவை அந்த இரண்டாம் வாசகரின் கண்ணோடு வரிவரியாகப் பார்ப்போம்.

“நீண்ட போராட்டத்துக்குப் பிறகு.” உங்களைப் பொறுத்தவரை இது மனப்போராட்டமாக இருக்கலாம். படிப்பவருக்குப் போராட்டம் என்றால் இரண்டு தரப்பு, ஒருவர் துன்புறுத்த இன்னொருவர் தாங்கியது. எழுதுகிறவர் நீங்கள் என்பதால் தாங்கியவர் நீங்கள் என்று ஆகிவிடுகிறது. அடுத்தது “எவ்வளவோ முயன்றும் முடியாமல்.” முயன்றது யார் என்று இங்கே சொல்லப்படவில்லை. இலக்கணப்படி அது “நானும் என் கணவரும்” என்பதோடுதான் சேரும். ஆனால் ஒருவர் தன் பக்கத்தில் தன் கையால் எழுதும்போது, ஆள் சொல்லாத முயற்சி எழுதியவர் கணக்கில்தான் போய்ச் சேரும். இதையே கணவர் தன் பக்கத்தில் எழுதியிருந்தால் அவர் முயன்றார், நீங்கள் இசையவில்லை என்று படிப்பார்கள். யார் பக்கத்தில் வெளியிடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிற எந்தத் தொடரும் கூட்டு அறிவிப்புக்கு உதவாது. ஒரு வரைவைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியும் இதுதான். உங்கள் வரைவை அப்படியே கணவர் பெயரில் வெளியானதாகக் கற்பனை செய்துகொண்டு படியுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறதோ, அந்த இடத்தில்தான் அவருக்கும் தைத்திருக்கிறது.

“பிரிய வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம்.” நிலை தானாக வராது, யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்று வாசகர் நினைப்பார். “நேர்ந்தது”, “தள்ளப்பட்டோம்”, “வேறு வழியில்லை”, “கடைசியில்”, “ஒருவழியாக” எல்லாம் இதே குடும்பம். இவற்றுக்குப் பதில் “முடிவு செய்திருக்கிறோம்” என்ற சாதாரண வினை போதும். முடிவுக்குப் பொறுப்பேற்கிறவர்கள் அடுத்தவரைக் குறை சொல்லத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

“மகளின் நலனுக்காகவே இந்த முடிவு.” நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் வரிகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான். ஒரு பக்கம், சேர்ந்திருந்த வீடு குழந்தைக்குக் கேடாக இருந்தது என்று அது சொல்லிவிடுகிறது. அப்படியானால் கேடு செய்தது யார் என்ற கேள்வி உடனே வரும். மறுபக்கம் மகள் இருக்கிறாள். இன்று அவளுக்கு 8 வயது, இன்னும் சில ஆண்டுகளில் அவளே தேடிப் படிப்பாள். அம்மாவும் அப்பாவும் தனக்காகப் பிரிந்தார்கள் என்று படிக்கிற குழந்தை, தன்னால் பிரிந்தார்கள் என்று புரிந்துகொள்வதற்கு அதிகத் தொலைவு இல்லை. பெற்றோர் பிரியும்போது குழந்தைகள், குறிப்பாகச் சிறு வயதில், காரணத்தைத் தங்களிடம் தேடுவார்கள் என்பது குழந்தைகளோடு பணிபுரியும் எவருக்கும் தெரிந்தது. அந்தத் தேடலுக்கு எழுத்தில் ஆதாரம் கொடுத்துவிடாதீர்கள்.

“என் பக்கம் நின்றவர்களுக்கு நன்றி” என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் என்று ஒன்று இருந்தால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அந்த நன்றியைத் தனித்தனியே நேரில் சொல்லிக்கொள்ளலாம், அவர்களுக்கும் அதுவே பிடிக்கும். “உண்மை என்னவென்று எங்களுக்குத் தெரியும்” என்பது கதவை மூடிவிட்டுச் சாவித்துவாரத்தைக் காட்டுவது போன்றது. வெளியே தெரியாத உண்மை ஒன்று இருக்கிறது என்று நீங்களே அறிவித்துவிட்டு, அடுத்த வரியில் தனியுரிமை கேட்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகாது.

அந்தக் கடைசி வரியில் பழி ஏதும் இல்லை, ஆனால் அதனால் பயனும் இல்லை. “தனியுரிமையை மதியுங்கள்” என்பது பிரபலங்களின் அறிவிப்புகளிலிருந்து நம் எல்லோருடைய கைக்கும் வந்து சேர்ந்த தொடர். 2021 மே 3 அன்று பில் கேட்ஸும் மெலிண்டாவும் வெளியிட்ட கூட்டு அறிவிப்பு நல்ல கட்டமைப்பு உடையது. நிறைய யோசித்தோம், உறவைச் சீராக்க உழைத்தோம், மணவாழ்வை முடித்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம், அறப்பணியில் சேர்ந்தே தொடர்வோம், குடும்பத்துக்கு இடமும் தனிமையும் தாருங்கள் என்று அது முடிந்தது. 2022 ஜனவரி 17 அன்று தனுஷும் ஐஸ்வர்யாவும் ஏறக்குறைய ஒரே வாசகத்தை அவரவர் பக்கத்தில் வெளியிட்டார்கள். 18 ஆண்டுகள் நண்பர்களாக, தம்பதியாக, பெற்றோராக, ஒருவருக்கொருவர் நலம் விரும்பிகளாகச் சேர்ந்திருந்ததைச் சொல்லி, இப்போது பாதைகள் பிரிகின்றன என்று அறிவித்து, தனிமை தரும்படி கேட்டுக்கொண்டார்கள். இவற்றில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. கேட்ஸ் அறிவிப்பில் முயற்சியைப் பற்றிய பேச்சு இருந்தாலும் அங்கே முயன்றவர்கள் “நாங்கள்” என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, கீழே இருவர் பெயரும் இருக்கிறது. இரண்டாவது அறிவிப்பு இரண்டு பக்கங்களில் ஒரே குரலாக வந்ததால் ஒப்பிட்டு வித்தியாசம் தேட அதிகம் இடமில்லை.

ஆனால் அவர்கள் தனிமை கேட்டது ஊடகங்களிடமும் முகம் தெரியாத மக்களிடமும். உங்கள் பதிவைப் படிக்கப்போவது சித்தி, கல்லூரித் தோழி, மேலாளர், மகளின் வகுப்பில் படிக்கும் குழந்தையின் அம்மா. இவர்கள் கேமராவோடு வரமாட்டார்கள், அக்கறையோடுதான் வருவார்கள். “தனியுரிமை” என்பது மற்றவர்களைப் பற்றிய சொல் என்றே அந்தச் சித்தி நினைத்துக்கொள்வார். அவருக்குப் புரிய வேண்டுமானால் எதைச் செய்ய வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: காரணம் கேட்காதீர்கள், மகளிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள். கூடவே எதைச் செய்யலாம் என்றும் ஒன்று சொல்லிவிடுவது நல்லது. என்ன செய்வது என்று தெரியாத நல்ல மனிதர்கள்தான் தவறாக எதையாவது சொல்கிறவர்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகு உங்கள் பதிவு ஏறக்குறைய இப்படி வரும்: “நாங்கள் இருவரும் பிரிந்து தனித்தனியே வாழ முடிவு செய்திருக்கிறோம். எங்கள் மகளுக்கு நாங்கள் இருவரும் எப்போதும்போல் அம்மாவும் அப்பாவும்தான். காரணங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருப்பதால், எங்களிடமோ எங்கள் குடும்பத்தாரிடமோ அவற்றைக் கேட்க வேண்டாம். மகளிடம் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். எங்கள் இருவரோடும் முன்போலவே பழகுங்கள்.” கீழே இருவர் பெயரும், அவ்வளவுதான். ஐந்து வரிகளில் முதல் வரி செய்தி, இரண்டாவது மகளைப் பற்றியது, மூன்றாவதும் நான்காவதும் கோரிக்கை, ஐந்தாவது மற்றவர்களுக்கு ஒரு வழி. உணர்ச்சி இல்லாமல் வறட்டுத்தனமாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். இருக்கட்டும். இப்படிப்பட்ட அறிவிப்பில் வறட்சி குறையில்லை. வருத்தத்தை எழுதினால் அந்த வருத்தத்துக்குக் காரணமானவரைத் தேடுவார்கள், நிம்மதியை எழுதினாலும் அப்படித்தான்.

இதில் நான் வேண்டுமென்றே சேர்க்காத தொடர் ஒன்று இருக்கிறது: “இது நாங்கள் இருவரும் மனமொத்து எடுத்த முடிவு.” உண்மையாக இருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மிக நல்ல வரி அது. ஆனால் பெரும்பாலான பிரிவுகளில் ஒருவர் முதலில் கேட்கிறார், மற்றவர் பின்னால் ஒப்புக்கொள்கிறார். அந்த இடைவெளி சில வாரங்களாகவும் இருக்கலாம், சில ஆண்டுகளாகவும் இருக்கலாம். ஒப்புக்கொண்டவருக்கு “மனமொத்து” என்ற சொல் கசக்கும். அவர் கையெழுத்திட்டாலும் பிறகு ஒரு நாள், யாரிடமாவது, “நான் எங்கே மனமொத்தேன்” என்று சொல்லிவிடுவார். அன்றோடு அறிவிப்பு முழுவதும் பொய் என்று ஆகிவிடும். “முடிவு செய்திருக்கிறோம்” என்பதோ முடிவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, யார் தொடங்கினார் என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதே காரணத்துக்காக “நல்ல நண்பர்களாகத் தொடர்வோம்” என்பதையும் சேர்க்கச் சொல்லமாட்டேன். நண்பர்களாக இருப்பீர்களா என்பது இன்று உங்கள் இருவருக்குமே தெரியாது. மகளுக்குப் பெற்றோராக இருப்பீர்கள் என்பது மட்டும் தெரியும், அதை எழுதினால் போதும்.

கணவரிடம் காட்டும்போது ஒரு நடைமுறை யோசனை. அவர் ஒரு தொடரை மறுத்தால் அதற்கு மாற்றுத் தொடர் தேடாதீர்கள், அதை அப்படியே எடுத்துவிடுங்கள். நீங்கள் மறுப்பதற்கும் அதே விதி. மாற்றுச் சொல் தேடத் தொடங்கினால் பேச்சு மறுபடியும் யார் சரி என்ற இடத்துக்கே திரும்பிவிடும், வரைவும் ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போகும். எடுத்துக்கொண்டே வந்து முதல் வரி மட்டும் மிஞ்சினாலும் அதையே வெளியிடலாம். முதல் வரியிலும் உடன்பாடு இல்லை என்றால், பதிவு போடும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

பதிவின் வாசகத்தைவிட, அது யாருக்கு முதல் செய்தியாகப் போய்ச் சேர்கிறது என்பது முக்கியம். யாரெல்லாம் இதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் உடைந்துபோவார்களோ, அவர்களுக்கு முன்கூட்டியே நேரிலோ தொலைபேசியிலோ சொல்லியிருக்க வேண்டும். முதலில் மகள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே வார்த்தைகளில், எங்கே தூங்குவாள், பள்ளி மாறுமா, அப்பாவை என்றைக்குப் பார்ப்பாள் என்பதற்கெல்லாம் பதிலோடு சொல்லுங்கள். அவளுக்குக் கேட்பதற்குச் சில நாள் அவகாசம் கொடுத்த பிறகே மற்றது. அடுத்து இரு பக்கத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர். பிறகு மகளின் வகுப்பு ஆசிரியர், ஏனென்றால் அவள் அழுதால் முதலில் பார்க்கப்போகிறவர் அவர்தான். அப்புறம் மிக நெருங்கிய நண்பர்கள். சொல்லும்போது பதிவு எப்போது வரும் என்பதையும் சொல்லுங்கள், அதுவரை வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரிசைக்கும் பதிவுக்கும் இடையே அதிக நாள் விடக் கூடாது. இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் செய்தி தானாகக் கசியும், கசிந்த செய்தியைத் திருத்துகிற பதிவு தற்காப்பாகத் தோன்றும்.

வெளியிடும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. ஒரே வாசகம், ஒரே நேரம், இருவர் பக்கத்திலும். ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் போட்டால், முதலில் போட்டவர்தான் பிரிய விரும்பியவர் என்று ஒரு கதை அந்த இடைவெளியிலேயே பிறந்துவிடும். படம் வேண்டாம். பழைய குடும்பப் படம் ஏக்கத்தைச் சொல்லும், தனிப்படம் விடுதலையைச் சொல்லும், அணையும் விளக்கு என்ன சொல்லும் என்பதைச் சொல்லவே வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பதிவு போடும் முன்பே அமைப்புகளில் “Turn off commenting” என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். எக்ஸ் தளத்தில் யார் பதில் எழுதலாம் என்பதை “Only accounts you mention” என்று குறுக்கலாம். ஃபேஸ்புக்கில் உறவுநிலையை மாற்றினால் அதுவே தனிச் செய்தியாக நண்பர்களின் பக்கங்களில் தோன்றக்கூடும். ஆகவே முதலில் அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்பதை “Only me” என்று வைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். உடைந்த இதயப் படத்தோடு இயந்திரம் அறிவிக்கும் செய்தி உங்கள் ஐந்து வரியையும் வீணாக்கிவிடும்.

உறவினர்களுக்கு வாட்ஸ்ஆப் என்றால் குடும்பக் குழுவில் போடாதீர்கள். குழுவில் ஒரு பெரியவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், உங்கள் வாழ்க்கையைப் பற்றிய விவாதம் உங்கள் கண்முன்னே நடக்கும். ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பினால் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று அதை நாடுவோரும் உண்டு. மறைவதற்குள் எடுக்கப்படும் திரைப்பிடிப்பு மறையாது.

பழைய படங்களை என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். அறிவிப்பு வெளியாகும் வாரத்தில் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. ஒரே இரவில் திருமணப் படங்கள் காணாமல்போவதை யாராவது ஒருவர் கவனித்து மற்றவர்களுக்குச் சொல்வார். பின்னால், இருவரும் பேசிக்கொண்டு, சிறிது சிறிதாகக் காப்பகத்துக்கு மாற்றலாம். இன்ஸ்டாகிராமில் அப்படி மாற்றியவை அழிவதில்லை, வேண்டும்போது மீட்கலாம். மகள் அந்தப் படங்களை ஒரு நாள் கேட்பாள்.

பதிவு போட்ட பிறகு வருவதுதான் கடினமான பகுதி. உங்களுக்கு ஆதரவாக எழுதுகிறோம் என்று நினைத்துக் கணவரைக் குறை சொல்லும் கருத்து ஒன்று கட்டாயம் வரும். அதைச் சும்மா விட்டால் ஆமோதித்ததாக ஆகும், விருப்பக் குறி இட்டால் நீங்களே எழுதியதாக ஆகும். நீக்கிவிட்டு, எழுதியவருக்குத் தனிச்செய்தியில் ஒரு வரி அனுப்புங்கள்: “அன்புக்கு நன்றி. அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதை நாங்கள் விரும்பவில்லை, அதனால் நீக்கிவிட்டேன்.” தொலைபேசியிலும் நேரிலும் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “நன்றாக இருக்கிறோம். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.” ஒருவரிடம் ஒரு காரணம், இன்னொருவரிடம் கொஞ்சம் கூடுதலான காரணம் என்று சொன்னால், இருவரும் சந்திக்கும் நாளில் மூன்றாவதாக ஒரு கதை உருவாகியிருக்கும்.

நான் பார்த்தவரை கண்ணியமான அறிவிப்புகள் அறிவிப்பு நாளில் குலைவதில்லை. அடுத்த மாதங்களில், நள்ளிரவில் பகிரப்படும் ஒரு கவிதை வரியில், நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றிய ஒரு பொன்மொழியில், “இப்போதுதான் மூச்சு விடுகிறேன்” என்ற சுற்றுலாப் படத்தில் குலைகின்றன. பெயர் இல்லாததால் யாரைப் பற்றியும் இல்லை என்று பகிர்ந்தவர் சொல்வார். படிப்பவர் எல்லோருக்கும் யாரைப் பற்றி என்று தெரியும். ஆகவே வாசகத்தோடு சேர்த்து இன்னொரு உடன்பாடும் செய்துகொள்ளுங்கள்: இத்தனை மாதம் வரை மண வாழ்வையோ உறவுகளையோ பற்றி மறைமுகமாகவும் எதையும் பகிர்வதில்லை என்று. எத்தனை மாதம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம், நான் வழக்கமாக ஆறு மாதம் என்று தொடங்கிப் பேசச் சொல்வேன். எழுத வேண்டும் என்று துடித்தால் எழுதி, எங்கும் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எவை உறுதி, எவை என் சாய்வு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அரைகுறையாகக் காரணம் சொன்னால் கேள்விகள் கூடும் என்பதும், இருவரின் வாசகங்கள் வேறுபட்டால் அந்த வேறுபாடே பேசப்படும் என்பதும் திரும்பத் திரும்பப் பார்த்தது. மகளைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டுமா என்பதில் என்னைப்போன்ற பணியில் இருப்பவர்களிடையே ஒரே கருத்து இல்லை. குழந்தையைக் குறிப்பிடாமலே விடுவது நல்லது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மகளிடம் கேட்காதீர்கள் என்ற கோரிக்கைக்காக மட்டுமே நான் அந்த வரியை வைத்தேன். வைத்தாலும் பெயர், வயது, பள்ளி, படம் எதுவும் வேண்டாம். அதேபோல், பதிவு போடத்தான் வேண்டுமா என்பதும் திறந்த கேள்விதான். உங்களைச் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் நேரில் பழகுகிறவர்கள் என்றால், சில தொலைபேசி அழைப்புகளும் ஒரு ஒலிபரப்புச் செய்தியும் போதும். பொதுப் பதிவு போட்டால் அந்தச் செய்தி, தெரிய வேண்டிய தேவையே இல்லாதவர்களுக்கும் போகும்.

சட்டம் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு, நான் வழக்கறிஞர் இல்லை. சமூக ஊடகப் பதிவுகள் குடும்ப வழக்குகளில் சான்றாகக் காட்டப்படுகின்றன என்பது தெரியும். “பிரிந்து வாழ்கிறோம்” என்று நீங்கள் எழுதும் வரியும், அதில் நீங்கள் போடும் தேதியும், மகள் யாரோடு இருக்கிறாள் என்ற குறிப்பும் பிறகு ஒரு நாள் எடுத்து வாசிக்கப்படலாம். வழக்கு நடக்கிறது என்றாலோ, தொடுக்கும் எண்ணம் இருக்கிறது என்றாலோ, இந்த ஐந்து வரியை இருவரின் வழக்கறிஞர்களும் பார்க்கட்டும். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள், அழகு பார்க்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. அதே நிலையில் வேறு யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் ஒருவரையொருவர் அஞ்சாத இருவருக்கு. அடி, மிரட்டல், பின்தொடர்தல், பணத்தை முடக்கிவைத்தல் போன்றவை இருக்கும் இடத்தில் கூட்டு அறிவிப்பு, இருவர் கையெழுத்து, காரணம் பேசமாட்டோம் என்ற உடன்பாடு எதுவும் பொருந்தாது. “கண்ணியமாக முடித்துக்கொள்வோம்” என்று சொல்லி வாயை மூடவைப்பதும் அங்கே ஒரு கருவியாகப் பயன்படும். அப்படிப்பட்டவர்கள் பதிவு எதுவும் போடாமல், தங்கும் இடத்தை யாருக்கும் தெரியவிடாமல், கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை அணைத்துவிட்டு, நம்பகமான ஒருவரையும் வழக்கறிஞரையும் முதலில் பார்க்க வேண்டும். ஊருக்குச் சொல்வதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.